பேக்கேஜில் மிச்சம் எவ்வளவு?

மண்டபத்துக்கு முன்பணம் கட்டி ரசீது வாங்கிய கையோடு, பெண் வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்பில் வந்து விழத் தொடங்கிவிடும்: சில்வர், கோல்டு, பிளாட்டினம். ஊரில் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் இந்த மூன்று பெயர்களையே வைத்திருக்கிறார்கள். கீழே போட்டோ, வீடியோ, கேண்டிட், ஆல்பம், அவுட்டோர் ஷூட், எல்.இ.டி. திரை என்று வரிசையாக இருக்கும். அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு தொகை, அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் அதைவிடக் குறைவாக இன்னொரு தொகை. ‘நீங்கள் மிச்சப்படுத்துவது’ என்று ஒரு வரி.

அந்த வரி உண்மையா என்பது இரண்டு பேருக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. வியப்பு என்னவென்றால், பல கடைக்காரர்களுக்கே அது சரியாகத் தெரிவதில்லை. பக்கத்து ஸ்டுடியோ என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, அதில் இரண்டாயிரத்தைக் குறைத்து எழுதிவிடுகிறார்கள். சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான், வேலை நிறைய நடந்தும் கையில் ஏன் ஒன்றும் நிற்கவில்லை என்று யோசிக்கிறார்கள்.

ஒரு நடுத்தர ஊர் ஸ்டுடியோவை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டுக்கும் சேர்த்து அந்த ஸ்டுடியோவின் தனி விலைகள் இவை: வழக்கமான போட்டோ 18,000 ரூபாய், வழக்கமான வீடியோ 18,000, பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஆல்பம் முப்பது ஷீட்டுக்கு 15,000. இந்த மூன்றையும் அனேகமாக எல்லா வீட்டாரும் எடுப்பார்கள், கூட்டினால் 51,000. அதற்கு மேல் கேண்டிட் 25,000, கல்யாணத்துக்கு முன்னால் அரைநாள் அவுட்டோர் ஷூட் 15,000, மண்டபத்தில் வைக்கும் எல்.இ.டி. திரை 10,000. ஆறையும் கூட்டினால் 1,01,000. ஸ்டுடியோக்காரர் இதை 85,000 ரூபாய் பேக்கேஜாகப் போடுகிறார். 16,000 ரூபாய் மிச்சம் என்று எழுதுகிறார்.

இப்போது அவர் செலவுப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். கேண்டிட் எடுக்க வெளியிலிருந்து ஒருவரை அழைக்கிறார். அவர் கூலியும், படங்களைத் தேர்ந்து நிறம் சரிசெய்யும் எடிட்டிங்கும் சேர்ந்து 13,000. அவுட்டோர் ஷூட்டுக்கு ஆள் கூலி, வண்டி, எடிட்டிங் எல்லாம் 6,000. திரை அவருடையதல்ல, வாடகைக்கு எடுத்து வைக்கிறார், 7,000. ஆக, அடிப்படை மூன்றுக்கு மேல் இந்த மூன்றையும் கொடுக்க அவருக்கு ஆகும் கூடுதல் செலவு 26,000.

முதலில் ஒரு வீட்டார் வருகிறார்கள். போட்டோ, வீடியோ, ஆல்பம் மட்டும் போதும் என்று நினைத்து வந்தவர்கள். பேக்கேஜைப் பார்த்து மனம் மாறி 85,000-க்கு ஒப்புக்கொள்கிறார்கள். ஸ்டுடியோவுக்கு 51,000-க்கு மேல் 34,000 வருகிறது. செலவு 26,000 போக 8,000 கூடுதல் லாபம். நல்ல வியாபாரம்.

அடுத்து இன்னொரு வீட்டார். கல்யாணப் பெண்ணுக்குக் கேண்டிட் மேல் கொள்ளை ஆசை. எப்படியும் இந்த ஸ்டுடியோவிலேயே அதை எடுத்திருப்பார்கள். அதாவது 51,000-உம் 25,000-உம் சேர்ந்து 76,000 கொடுக்கத் தயாராக வந்தவர்கள். பேக்கேஜைப் பார்த்ததும் அவர்களும் 85,000-க்கு மாறுகிறார்கள். ஸ்டுடியோவுக்கு 9,000 கூடுதலாக வருகிறது. ஆனால் அந்த 9,000-க்கு அவர் அவுட்டோர் ஷூட்டும் திரையும் கொடுத்தாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு 13,000. பெரிய ஆர்டர் பிடித்த சந்தோஷத்தில் 4,000 ரூபாயை அவரே கையிலிருந்து போட்டிருக்கிறார்.

பேக்கேஜ் போடும் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கொஞ்சமாக வாங்க வந்தவரை நிறைய வாங்க வைக்கத்தான் பேக்கேஜ் போடுகிறோம். ஆனால் அது முதலில் போய்ச் சேருவது, ஏற்கெனவே நிறைய வாங்கவிருந்தவரிடம். அவர்தான் ஓடிவந்து கையெழுத்துப் போடுவார். அதனால் விலை வைக்கும்போது கணக்குப் போட வேண்டியது அவரை வைத்து. அவர் எப்படியும் கொடுத்திருக்கக்கூடிய 76,000, கூடுதலாகக் கொடுக்கும் இரண்டு வேலைகளின் செலவு 13,000, கூட்டினால் 89,000. இந்த ஸ்டுடியோவுக்கு அதுதான் தரை. அதற்குக் கீழே இறங்கினால், நல்ல வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் நஷ்டம். 90,000 என்று வைத்தால் இரண்டாவது வீட்டாரிடம் 1,000 நிற்கும். முதல் வீட்டார் ஒப்புக்கொண்டால் 13,000 நிற்கும். எழுதக்கூடிய மிச்சம் 11,000.

இப்படி எந்தெந்த வாடிக்கையாளர் எதற்கு எவ்வளவு மதிப்பு வைக்கிறார் என்பதுதான் சேர்த்து விற்பதன் உள்சூட்சுமம் என்று 1963-இல் எழுதிக் காட்டியவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர். அவர் எடுத்துக்கொண்டது சினிமா. அந்தக் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பழைய படங்களைக் கட்டுக் கட்டாகத்தான் கொடுத்தார்கள். ‘காசாபிளாங்கா’ வேண்டுமென்றால், கூடவே யாரும் கேட்காத பத்துப் படங்களையும் தலையில் கட்டுவார்கள். வாஷிங்டனில் ஒரு நிலையம் இப்படித்தான் ‘கொரில்லா மேன்’ என்ற படத்தையும் சேர்த்து வாங்க வேண்டி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1962-இல் இந்த முறை செல்லாது என்று தீர்ப்பானது.

நல்ல படத்தை அதிக விலைக்கு விற்றுவிட்டுப் போகலாமே, ஏன் மொக்கைப் படத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது ஸ்டிக்லரின் கேள்வி. அவர் சொன்ன உதாரணம் எளியது. ஒரு நிலையம் நல்ல படத்துக்கு 8,000 டாலரும் சுமாரான படத்துக்கு 2,500 டாலரும் கொடுக்கத் தயார். இன்னொரு நிலையம் 7,000-உம் 3,000-உம் கொடுக்கும். தனித்தனியாக, எல்லோருக்கும் ஒரே விலையில் விற்றால், இருவரும் வாங்கும்படி 7,000 என்றும் 2,500 என்றும் வைக்க வேண்டும். மொத்தம் 19,000 வரும். இரண்டையும் கட்டி 10,000 என்று வைத்தால் இருவரும் வாங்குவார்கள், 20,000 வரும். ஒருவர் ஒன்றை அதிகம் விரும்ப, மற்றவர் மற்றொன்றை அதிகம் விரும்பும்போதுதான் கட்டு வேலை செய்கிறது. எல்லோரும் ஒன்றையே விரும்பி மற்றதை ஒதுக்கினால் அதில் பெரிய லாபமில்லை. ஸ்டுடியோவிலும் அப்படித்தான்: மாப்பிள்ளை வீட்டில் திரை மேல் ஆசை, பெண் வீட்டில் அவுட்டோர் மேல் ஆசை என்றிருந்தால் பேக்கேஜ் தானாக விலைபோகும்.

வாங்குகிறவர் இதற்குள் ஒன்றைக் கேட்டிருப்பார்: அந்த 11,000 மிச்சம் எங்கிருந்து வருகிறது? நேர்மையான பேக்கேஜில் இதற்குப் பதில் இருக்கும். ஒரே வண்டியில் எல்லோரும் வருகிறார்கள். கேண்டிட் படமும் வழக்கமான படமும் ஒரே மேசையில் தேர்வாகி ஒரே ஆல்பத்தில் போகின்றன. ஆல்பம் டிசைன் செய்கிறவர் ஒருவர்தான். அவுட்டோரில் எடுத்த படமே வரவேற்புத் திரையில் ஓடுகிறது. நான்கு இடத்தில் பேரம் பேசி, நான்கு பேருக்கு முன்பணம் கொடுத்து, முகூர்த்தத்தன்று நான்கு பேருக்குப் போன் போடும் அலைச்சல் வீட்டாருக்கும் இல்லை. இதில் எதையும் சொல்லத் தெரியாமல் ‘ஆஃபர், அண்ணே’ என்று மட்டும் சொல்லும் கடைக்காரரிடம், கோடு போட்ட விலையைச் சந்தேகப்படுவதே நல்லது. மிச்சம் வேலையிலிருந்து வரவில்லை என்றால், அது உப்பிய பட்டியல் விலையிலிருந்து வந்திருக்கலாம்.

உப்பிய விலை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கேபிள் டி.வி. கட்டுகிறவர்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. 2019 பிப்ரவரியில் புது முறை வந்தபோது, 130 ரூபாயும் வரியும் கட்டினால் நூறு சேனல், அதற்கு மேல் வேண்டிய கட்டணச் சேனலை மட்டும் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டியதற்கு மட்டும் காசு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொகுப்பில் சேரக்கூடிய சேனலுக்கு அதிகபட்சத் தனி விலை 19 ரூபாய் என்று வரம்பு வைக்க, முன்னணிச் சேனல்கள் பல அந்த 19 ரூபாயிலேயே போய் நின்றன. நான்கைந்து சேனலைத் தனியாக எடுத்தால் ஆகும் தொகையைவிட, அந்த நிறுவனத்தின் மொத்தத் தொகுப்பே மலிவாக இருந்தது. தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை காகிதத்தில் இருந்தது. ரிமோட்டைப் பிடித்தவர் எடுத்ததென்னவோ தொகுப்புதான்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை முன்பே எதிர்பார்த்துத்தான், தனி விலைகளின் கூட்டுத்தொகையில் 15 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கொடுத்துத் தொகுப்பு விற்கக் கூடாது என்று 2017 ஆணையில் எழுதியிருந்தது. தள்ளுபடிக்கு உச்சவரம்பா என்று கேட்கத் தோன்றும். காரணம் இதுதான்: தொகுப்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளுபடி கொடுக்கலாம் என்றால், தனி விலையை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தி எழுதலாம். யாரும் அந்த விலையில் வாங்கப்போவதில்லை; அது ஒப்பிட்டுக் காட்ட மட்டும் நிற்கும் விலை. அந்த 15 சதவீத விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் செல்லாது என்றது. பிறகு பல சுற்றுத் திருத்தங்கள் நடந்து, 2022 நவம்பரில் வரம்பு 45 சதவீதமாக வந்து நின்றது.

கல்யாண வீட்டார் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு சோதனை இருக்கிறது. பேக்கேஜ் தாளை மூடி வைத்துவிட்டு, ‘கேண்டிட் மட்டும் தனியாக எவ்வளவு?’ என்று வேறு இரண்டு இடத்தில் கேட்டுப் பார்ப்பது. பட்டியலில் 25,000 என்று இருப்பதை ஊரில் எல்லோரும் 17,000-க்குச் செய்கிறார்கள் என்றால், 11,000 ரூபாய் மிச்சத்தில் 8,000 அந்த நொடியே கரைந்துவிடும்.

இதைவிட மோசமான இன்னொரு வகை உண்டு; அதில் மிச்சம் என்ற பேச்சே கிடையாது. யூரியா தட்டுப்பாட்டு நாட்களில் உரக்கடைக்குப் போகும் விவசாயிகளுக்கு இது பழகிய கதை. மூட்டை வேண்டுமென்றால் கூடவே நுண்ணூட்டப் பாக்கெட்டோ வேறு மருந்தோ வாங்க வேண்டும் என்பார்கள். இப்படிக் கட்டாயப்படுத்தினால் நடவடிக்கை என்று வேளாண்மைத் துறை அவ்வப்போது எச்சரிக்கை விடுகிறது. ஒன்றை வாங்க இன்னொன்றை வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறை என்ற கணக்கில் வைக்கிறது. எந்தப் பேக்கேஜிலும், உள்ளே இருக்கும் பொருளைத் தனியாகக் கேட்டால் கொடுக்கிறார்களா என்பதை வைத்து இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

நேர்மையாகவே விலை வைத்த ஸ்டுடியோவுக்குத் திரும்புவோம். 90,000 என்று முடிவாகிவிட்டது. அதை எப்படிச் சொல்வது? எல்லோரிடமும் ‘11,000 மிச்சம்’ என்று சொல்வது வழக்கம். ஆனால் அது உண்மையாக இருப்பது ஒரே ஒரு வீட்டாருக்குத்தான்: ஆறையும் எப்படியும் எடுத்திருக்கப்போகிறவர்களுக்கு. கேண்டிட் வரை மட்டும் எடுக்க நினைத்து வந்தவர்களுக்கு 76,000 செலவாக வேண்டியது 90,000 ஆகிறது. அவர்கள் மிச்சப்படுத்தவில்லை, 14,000 கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு: ‘நீங்க நினைச்சு வந்ததுக்கு மேல 14,000 போட்டா, 25,000 ரூபா வேலை ரெண்டு கிடைக்குது. ரெண்டும் வேணுமா பாருங்க.’ வெறும் மூன்று போதும் என்று வந்தவர்களுக்கு அது 39,000 கூடுதல். அவர்களுக்குப் பேக்கேஜைக் காட்டாமல், கேண்டிட் மட்டும் சேர்த்தால் எவ்வளவு என்று காட்டினால்கூடப் போதும்.

இப்படிச் சொன்னால் ஆர்டர் குறையாதா என்று கடைக்காரர்கள் பயப்படுவார்கள். சில ஆர்டர் குறையத்தான் செய்யும். ஆனால் கல்யாண வேலையில் முன்பணத்துக்கும் கடைசித் தவணைக்கும் நடுவே பல மாதங்கள் இருக்கின்றன. ‘மிச்சம்னு சொல்லி அதிகமா இழுத்துட்டான்’ என்று வீட்டில் யாராவது கணக்குப் போட்டுவிட்டால், அந்தக் கடைசித் தவணை ஆல்பத்தோடு சேர்ந்து ஸ்டுடியோவிலேயே தங்கிவிடும்.

பேரம் தொடங்குவது பெரும்பாலும் பெண்ணின் மாமா வாயிலிருந்து.

“தம்பி, அந்தத் திரை வேண்டாம்னு வெச்சுக்க. எவ்வளவு குறையும்?”

“ஏழாயிரம் குறையும் அண்ணே.”

“லிஸ்ட்ல பத்தாயிரம்னு போட்டிருக்கியேப்பா!”

இந்த இடத்தில் பல ஸ்டுடியோக்காரர்கள் தடுமாறி, பத்தாயிரத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவார்கள். அல்லது ‘பேக்கேஜ்ல எதையும் எடுக்க முடியாது’ என்று முறைத்துக்கொண்டு ஆர்டரை இழப்பார்கள். உண்மையான பதில் எளிதாகவே இருக்கிறது: “திரை தனியா எடுத்தா பத்தாயிரம்தான் அண்ணே. நான் திரைக்காரருக்குக் குடுக்கிறது ஏழாயிரம். நீங்க வேண்டாம்னா அந்த ஏழாயிரம் எனக்கு மிச்சம், அதை அப்படியே குறைச்சிடறேன். 83,000. மீதி அஞ்சையும் தனியா எடுத்தா 91,000. அப்பவும் எட்டாயிரம் உங்களுக்குக் குறையுது.”

மாமா விடுவாரா? அவுட்டோரையும் எடு என்பார். அதன் செலவு 6,000, குறைத்தால் 77,000. ஆனால் மிஞ்சி நிற்கும் நான்கின் தனி விலையே 76,000. அதாவது பேக்கேஜ் அங்கே கரைந்து காணாமல் போய்விட்டது. தள்ளுபடி முழுவதும் அந்தக் கடைசி இரண்டில்தான் இருந்தது என்பது இப்போது மாமாவுக்கும் தெரிந்துவிடும். 76,000 வாங்கிக்கொண்டு விடுவதுதான் முறை. எதை எடுத்தால் எவ்வளவு குறையும் என்பதை முதலிலேயே விலைத்தாளில் ஒரு வரியில் எழுதிக் கொடுக்கும் ஸ்டுடியோக்காரருக்கு இந்த வாக்குவாதமே வராது.

வரி விஷயத்தில் ஸ்டுடியோவுக்குச் சிக்கல் குறைவு. அதையே தீபாவளிப் பரிசுப் பெட்டி விற்கும் கடைக்காரர் செய்தால் மாட்டிக்கொள்வார். தொடர்பில்லாத பல பொருட்களை ஒரே விலையில் கட்டி விற்றால், ஜி.எஸ்.டி. சட்டம் அதைக் கலப்பு வழங்கல் என்று எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பவற்றில் எதற்கு அதிக வரியோ அந்த வரியைப் பெட்டி முழுவதற்கும் போடுகிறது. 900 ரூபாய் இனிப்பு, 100 ரூபாய் குளிர்பானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புக்கு 5 சதவீதம், குளிர்பானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். தனித்தனியாக விலை போட்டு விற்றால் வரி 45-உம் 40-உம் சேர்ந்து 85 ரூபாய். ஒரே விலையில் ஆயிரம் ரூபாய்ப் பெட்டியாக விற்றால் 400 ரூபாய். பெட்டியில் அழகுக்காக வைத்த ஒரு புட்டி, வாங்குகிறவருக்குக் காட்ட நினைத்த மிச்சத்தை எல்லாம் குடித்துவிடும். அந்தப் புட்டிக்குப் பதிலாக முறுக்கு வைக்கலாம்.

கல்யாண ஆல்பத்தில் மிச்சம் ஒழுகும் இடம் வேறு. பேக்கேஜில் முப்பது ஷீட் என்று இருக்கும். வீட்டார் படம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது சித்தி குடும்பம், அலுவலக நண்பர்கள், மேடையில் ஏறிய எல்லோரும் என்று படம் கூடிக்கொண்டே போகும். நாற்பத்துநான்கு ஷீட் ஆகிவிடும். கூடுதல் ஷீட் ஒன்றுக்கு 500 ரூபாய் என்றால் பதினான்குக்கு 7,000. வரவேற்பு இரவு பத்து மணிக்கு முடியும் என்று எழுதி, பதினொன்றரை வரை இழுத்தால் கூடுதல் மணிக் கட்டணம். இவை ஏமாற்றல்ல, ஷீட்டுக்கு ஸ்டுடியோவும் லேபுக்குக் காசு கட்டுகிறது. ஆனால் முன்பணம் கொடுக்கும்போதே நான்கு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது: எத்தனை ஷீட், கூடுதல் ஷீட் என்ன விலை, எத்தனை மணி வரை, எத்தனை ஆட்கள். சில்வருக்கும் கோல்டுக்கும் நடுவே இருக்கும் பத்தாயிரம் வித்தியாசம் பல தாள்களில் ஷீட் எண்ணிக்கையிலும் ஆள் எண்ணிக்கையிலும்தான் ஒளிந்திருக்கிறது. கோல்டில் இரண்டு கேண்டிட் ஆட்கள், சில்வரில் ஒருவர் என்றால், முகூர்த்த நேரத்தில் அந்த ஒருவர் தாலி கட்டுவதை எடுப்பாரா, கண் கலங்கி நிற்கும் அப்பாவை எடுப்பாரா என்று கேட்டுப் பார்த்துவிட்டு எந்தப் பேக்கேஜ் என்று முடிவு செய்யலாம்.